நண்பன் எழுதிய வாக்குமூலம்



இந்த அரங்கில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள். அலுவலகங்களில் உள்விசாரணை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்களும் பலர் வந்திருக்கிறீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரிப்பவருக்கே நண்பராக இருந்தால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். விலக வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஏன் விலக வேண்டும், எப்போது, எப்படி என்று கேட்டால்தான் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றத்தின் விலை என்ன என்பதை ஒரு வழக்கின் வழியாகச் சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டு மார்ச் 10. லண்டனின் தென்கிழக்கில் சிடனம் என்ற பகுதி. அங்கே 'கோல்டன் லயன்' என்றொரு மதுக்கடை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, அதன் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் ஒருவர் பிணமாகக் கிடந்தார். தலையில் கோடரி பதிந்திருந்தது. கையில் கட்டியிருந்த விலையுயர்ந்த கடிகாரத்தைக் காணவில்லை. ஆனால் உடையின் பையில் இருந்த பணம் அப்படியே இருந்தது. இறந்தவர் டேனியல் மோர்கன். வயது 37. 'சதர்ன் இன்வெஸ்டிகேஷன்ஸ்' என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தை நடத்திவந்த இருவரில் ஒருவர். இன்னொருவர் ஜொனாதன் ரீஸ். அன்று மாலை இருவரும் அந்தக் கடையில்தான் சந்தித்துப் பேசியிருந்தார்கள்.

கொலை நடந்தால் எந்த ஊர்ப் போலீசும் கேட்கும் முதல் கேள்வி, இறந்தவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்பது. அடுத்தது, இறந்தவருக்கு யாரோடு தகராறு என்பது. இரண்டு கேள்விக்கும் விடை தேடிப் போனால் முதலில் சந்திக்க வேண்டியவர் தொழில் கூட்டாளி. கூட்டாளிகளுக்குள் உரசலும் இருந்தது. முந்தைய ஆண்டு பெல்மாண்ட் என்ற கார் ஏல நிறுவனத்தின் பணத்துக்குக் காவலாகப் போனபோது, சுமார் 18,000 பவுண்டைத் தன்னிடமிருந்து வழிப்பறி செய்துவிட்டார்கள் என்று ரீஸ் சொல்லியிருந்தார். ஏல நிறுவனம் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்தச் சுமை இருவருக்கும் பொதுவான நிறுவனத்தின் தலையில் வந்து விழுந்தது.

மறுநாள் ரீஸிடம் வாக்குமூலம் வாங்கியவர் கேட்ஃபோர்டு காவல் நிலையத்தைச் சேர்ந்த டிடெக்டிவ் சார்ஜன்ட் சிட்னி ஃபில்லரி. அவர் ரீஸின் நண்பர். இது ஒளிவுமறைவான செய்தி அல்ல. கேட்ஃபோர்டு போலீசார் சிலர் ரீஸோடு சேர்ந்து குடிப்பது வழக்கம். இன்னும் ஒரு செய்தி உண்டு. கொலைக்கு முந்தைய நாள் மாலை, அதாவது மார்ச் 9ஆம் தேதி, அதே கோல்டன் லயனில் ரீஸோடும் மோர்கனோடும் உட்கார்ந்திருந்தவர்களில் ஃபில்லரியும் ஒருவர்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஃபில்லரி கெட்ட எண்ணத்தோடு அந்த வாக்குமூலத்தை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. அவர் நேர்மையின் சிகரமாக இருந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஏன்?

முந்தைய நாள் மாலை அந்த மேசையில் யார் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், யார் முகம் வாடியிருந்தது என்பதெல்லாம் இந்த வழக்கின் உண்மைகள். அவற்றை நேரில் கண்டவர்களில் ஃபில்லரியும் ஒருவர். ஆகவே அவர் இந்த வழக்கின் சாட்சி. எதிரில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய சாட்சி, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டார். பேனாவைப் பிடித்தவரிடம் யார் வாக்குமூலம் வாங்குவார்கள்?

நண்பர் விசாரிக்கக் கூடாது என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் பாசம். பாசம் கண்ணை மறைக்கும், நண்பனைக் காப்பாற்றிவிடுவான் என்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நட்பு என்பது பாசம் மட்டுமா? நட்பு என்பது ஒருவரைப் பற்றிய அறிவும்கூட. நண்பனின் வீடு தெரியும், கடன் தெரியும், அவன் யாரிடம் கோபமாக இருக்கிறான் என்பது தெரியும். இப்படித் தெரிந்தவை எல்லாம் வழக்குக்குள் சாட்சியமாக வர வேண்டியவை. விசாரிப்பவருக்குள்ளேயே அவை தங்கிவிட்டால் பதிவேட்டுக்கு வரவே வராது. பதிவேட்டில் இல்லாததை எதிர்த்தரப்பு மறுக்க முடியாது, நீதிபதி எடைபோட முடியாது.

இதை நம் உச்ச நீதிமன்றம் 1957லேயே ஒரு வழக்கில் பார்த்தது. உத்தரப் பிரதேச மாநிலத்துக்கும் முகமது நூஹ் என்ற தலைமைக் காவலருக்கும் நடந்த வழக்கு அது. பயிற்சிக்குத் தேர்வாவதற்காகப் போலிக் கடிதம் தயாரித்தார் என்று நூஹ் மீது துறை விசாரணை. ஒரு சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார். விசாரணையை நடத்திக்கொண்டிருந்த காவல் கண்காணிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சாட்சி பொய் சொல்கிறார் என்று காட்ட, தானே சாட்சியாக மாறினார். வேறோர் அதிகாரி அவருடைய சாட்சியத்தைப் பதிவு செய்தார். பிறகு கண்காணிப்பாளர் மீண்டும் நாற்காலிக்குத் திரும்பினார். தன் சாட்சியத்தைத் தானே எடைபோட்டு, நம்பத்தகுந்தது என்று முடிவுசெய்து, நூஹைப் பணிநீக்கம் செய்தார். இது இயற்கை நீதிக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் பணிநீக்க உத்தரவு அரசியலமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, 1948இல் போடப்பட்டது என்ற காரணத்தால் பெரும்பான்மை நீதிபதிகள் நூஹுக்கு நிவாரணம் தரவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டார்கள், திருத்தித்தர முடியவில்லை. இந்த விஷயத்தில் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

லண்டனுக்குத் திரும்புவோம். டேனியலுக்கு அலஸ்டர் என்றோர் அண்ணன். செய்தி கேட்டு ஓடிவந்த அவர் காவல் நிலையத்துக்குப் போய், தம்பியின் கூட்டாளி மீது தனக்குச் சந்தேகம் இருக்கிறது, பெல்மாண்ட் பணத் தகராறைப் பாருங்கள் என்று சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் யார்? ஃபில்லரிதான். யாரைச் சந்தேகிக்கிறாரோ அவருடைய நண்பரிடமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த அண்ணனுக்குத் தெரியாது. அது தெரியவந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு போலீசார் சொல்லும் எந்த ஒரு சொல்லை அந்தக் குடும்பம் நம்பும்?

நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்த ஆவணங்களைக் கையாண்டவர்களிலும் ஃபில்லரி இருந்தார். பெல்மாண்ட் தொடர்பான கோப்பு என்ன ஆயிற்று என்ற கேள்வி பிறகு பல ஆண்டுகள் நீடித்தது. சில நாட்களில் அவர் விசாரணைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கொலை நடந்து மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் தொடக்கத்தில், ரீஸும் ஃபில்லரியும் வேறு இரண்டு போலீசாரும் உட்பட ஆறு பேர் கைதாகி, குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார்கள். 1988இல் உடல்நலக் காரணத்தால் ஃபில்லரி பணி ஓய்வு பெற்றார். பிறகு சதர்ன் இன்வெஸ்டிகேஷன்ஸில் ரீஸின் கூட்டாளியாகச் சேர்ந்தார். டேனியல் மோர்கன் இருந்த இடம் அது.

சில நாட்கள்தானே, அதற்குள் நீக்கிவிட்டார்களே, பிறகென்ன என்று சிலருக்குத் தோன்றலாம். கொலை விசாரணையில் எல்லா நாட்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதல் நாளில் உடையில் இருக்கும் ரத்தக்கறை மூன்றாம் நாள் வண்ணானிடம் போய்விடும். முதல் நாளில் கேட்டால் சாட்சி கண்டதைச் சொல்வார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், கண்டதோடு பத்திரிகையில் படித்ததையும் பக்கத்து வீட்டில் பேசியதையும் சேர்த்துச் சொல்வார். சந்தேகத்துக்குரியவரின் முதல் வாக்குமூலம் இன்னும் முக்கியம். இறுதிவரை அவர் சொல்லும் எல்லாவற்றையும் அந்த முதல் சொல்லோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த முதல் சொல்லை நண்பர் எழுதிவிட்டால், அதற்குப் பின் யார் வந்தாலும் அளவுகோலே கோணல்.

அந்த முதல் விசாரணையில் வேறு பிழைகளும் இருந்தன. கொலை நடந்த இடத்தை ஒழுங்காகச் சோதிக்கவில்லை, காவல் போட்டுப் பாதுகாக்கவில்லை, சந்தேகத்துக்குரிய எல்லோரிடமும் அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுச் சரிபார்க்கவில்லை. வேறு வழக்கில் இவையெல்லாம் வெறும் அலட்சியம் என்று எழுதப்பட்டிருக்கும். இந்த வழக்கில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. மறந்தார்களா, மறைத்தார்களா? அணியில் நண்பர் ஒருவர் இருந்துவிட்டால், மற்றவர்கள் செய்த சாதாரணப் பிழைகூடச் சதியாகத் தெரியும். அது சதி இல்லை என்று நிரூபிக்க அவர்களுக்கு வழியே இருக்காது.

இந்தக் கொலையை ஐந்து முறை போலீசார் விசாரித்தார்கள். 2008இல் ரீஸ் உட்பட நால்வர் மீது கொலைக் குற்றமும், ஃபில்லரி மீது நீதியின் போக்கைத் திரித்த குற்றமும் சாட்டப்பட்டன. அந்த வழக்கு 2011 மார்ச்சில் முற்றிலுமாகச் சரிந்தது. ரீஸ் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் பதிவு செய்தது. சரிந்ததற்கான காரணங்களில் ஒன்று இது. அந்த முறை விசாரணைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி, முக்கியமான சாட்சி ஒருவரோடு விதிகளை மீறி நேரடித் தொடர்பு வைத்திருந்தார். முதல் அணியில் இருந்தவருக்குச் சந்தேகத்துக்குரியவரோடு நெருக்கம். பின்னாளில் வந்த தலைவருக்குச் சாட்சியோடு நெருக்கம். திசை மாறியது, நோய் மாறவில்லை. ரீஸும் ஃபில்லரியும் வேறு இருவரும் போலீஸ் மீது வழக்குப் போட்டு, 2019இல் இழப்பீடு பெற்றார்கள்.

2013இல் பிரிட்டிஷ் உள்துறை ஒரு சுயேச்சைக் குழுவை அறிவித்தது. நூவாலா ஓலோன் அம்மையார் தலைமையில் அந்தக் குழு 2021 ஜூன் 15 அன்று அறிக்கை தந்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பிழைகளை மறைத்ததும் மறுத்ததும், ஒருவகை நிறுவன ஊழல் என்று லண்டன் பெருநகரக் காவல்துறையைப் பற்றி அது சொன்னது. ஒரு பக்கத்துச் சார்பைத் தோற்றுவிக்கக்கூடிய சங்கம், மன்றம் எதில் போலீசார் உறுப்பினராக இருந்தாலும் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2023இல் காவல்துறை தன் பொறுப்பை ஏற்று, குடும்பத்தோடு வழக்கை முடித்துக்கொண்டது. கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை.

இந்த முடிவைக் கூர்ந்து பாருங்கள். குடும்பத்துக்கு நீதி கிடைக்கவில்லை, இது எல்லோருக்கும் தெரிகிறது. ரீஸின் பக்கம் நின்றும் ஒரு நிமிடம் பாருங்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டது. ஆனாலும் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளாக அவர் பெயர் அந்தக் கோடரியோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. அந்நியர் ஒருவர் முதல் நாளே அவரை ஐயத்துக்கு இடமின்றி விசாரித்து, உடையைக் கைப்பற்றி, சொன்ன நேரங்களைச் சரிபார்த்திருந்தால், ஒன்று அவர் சிக்கியிருப்பார், இல்லை முழுமையாக விடுபட்டிருப்பார். நண்பர் விசாரித்ததால் இரண்டுமே நடக்கவில்லை. நண்பன் கொடுக்கும் நற்சான்று ஊர் முன்னால் செல்லாத காசு. ஆகவே விலகுவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் நியாயம் மட்டும் அல்ல. குற்றம் சாட்டப்பட்ட நண்பனுக்கு நாம் செய்யக்கூடிய உதவியும் அதுதான். நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் உள்விசாரணை அதிகாரியாக இருந்தேன். ஸ்டோரில் உதிரிபாகங்கள் குறைந்தன. இருப்பு அட்டையில் ஒரு கணக்கு, அலமாரியில் எண்ணினால் வேறு கணக்கு. ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் மீது சார்ஜ் மெமோ. அவரும் நானும் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு வருடம் ஒரே அறையில் தங்கியவர்கள். விசாரணை என் மேசைக்கு வந்தது. நான் விலகவில்லை. என்னால் நடுநிலையாக இருக்க முடியும் என்று மனதார நம்பினேன்.

நடுநிலை என்று நான் நினைத்தது வேறொன்று. யாரும் என்னைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், அவரிடம் மற்றவர்களைவிடக் கடுமையாக நடந்துகொண்டேன். வெளியில் "என்னடா" என்று கூப்பிடுகிறவர் விசாரணை அறையில் "சார்" என்றார். அந்தத் தேதிகளில் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். "சாருக்கே தெரியுமே" என்றார். எனக்குத் தெரியும்தான். அந்த வாரம் அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார். மதியத்துக்கு மேல் அவர் அங்கே போய்விடுவார். நானும் இரண்டு நாள் அங்கே போய் அவரோடு உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல் சாவி அவர் கையில் இல்லை. ஆனால் "சாருக்கே தெரியுமே" என்பதை எப்படிப் பதிவு செய்வது? எழுதினால் நான் சாட்சி. சாட்சி என்றால் விசாரணை அதிகாரியாக நீடிக்க முடியாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் பதிவேட்டில் இல்லை. அவருக்கு இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு.

நான் விலகியிருந்தால், வேறு ஒருவர் முன்னால் போய், இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு இவர் மருத்துவமனையில் இருந்தார், நான் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன். அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான். நாற்காலியை விடாததால் அந்தச் சாட்சியை அவரிடமிருந்து பறித்துவிட்டேன். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நேர்மையாக இருந்தால் போதும், விலகத் தேவையில்லை என்று நினைக்கிறவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி, சட்டம் நம்மைக் காப்பாற்றுமா என்று பார்ப்போம். நீதிபதிக்கு விதி கடுமையானது. வழக்கின் முடிவில் அவருக்குச் சொந்த நலன் இருந்தால், அவர் உண்மையில் சாய்ந்தாரா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் உட்காரவே கூடாது. புலனாய்வு செய்பவருக்கு அவ்வளவு கடுமை இல்லை. 2018இல் மோகன்லால் வழக்கில், புகார் கொடுத்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் அந்த விசாரணையே கெட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே ஆண்டில், 2020 ஆகஸ்டில், முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இருவரும் ஒருவராக இருப்பதாலேயே விசாரணை கெட்டுவிடாது, பாரபட்சம் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய நிலை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. புலனாய்வில் ஒரு குறை இருந்ததாலேயே குற்றவாளிகள் எல்லாம் வெளியே நடந்துவிடக் கூடாது.

ஆனால் இதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். சாட்சியத்தை எடைபோடுகிறவருக்குக் கடுமையான விதி, சாட்சியத்தைத் திரட்டுகிறவருக்குத் தளர்ந்த விதி. நீதிபதி தவறினால் மேல்முறையீடு இருக்கிறது. கழுவப்பட்ட சட்டைக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே விசாரணை அதிகாரியைப் பொறுத்தவரை, நீதிமன்றம் பின்னால் வந்து சரிசெய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. முதல் நாளில் அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சரி, எவ்வளவு பழக்கம் இருந்தால் விலக வேண்டும்? சிறிய ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். டீக்கடையில் வணக்கம் சொன்னவரெல்லாம் நண்பர் என்றால் விசாரிக்க ஆளே மிஞ்சாது. அமெரிக்க நீதி அமைச்சகத்தின் விதி ஒன்று இதை நன்றாகப் பிரிக்கிறது. விசாரணைக்கு உள்ளானவர் பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தார் என்றால் நெருக்கம் இருப்பதாகவே கொள்ளப்படும். நட்பு என்றால் அதன் ஆழத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் நண்பர் அல்ல, அவருடைய மேலதிகாரி. அவர் தொடரலாம் என்று மேலதிகாரி அனுமதிப்பதானால் இரண்டு விஷயங்களை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்த உறவால் அவர் பணியின் நடுநிலை குறையாது என்பது ஒன்று. பொதுமக்களுக்கு ஐயம் எழும்படியான தோற்றமும் ஏற்படாது என்பது இன்னொன்று. இந்த விதியின் உயிர் எங்கே இருக்கிறது? என்னை நானே நடுநிலையாளன் என்று சான்று அளித்துக்கொள்ளும் உரிமையை அது என்னிடமிருந்து எடுத்துவிடுகிறது.

என் அனுபவத்தில் மூன்று கேள்விகள் போதும். இவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போகிறேனா, இவரோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா? இந்த வழக்கின் உண்மைகளில் ஏதாவது ஒன்று, கோப்பைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியுமா? முடிவு எப்படி வந்தாலும் நாளை என் வாழ்க்கையில் ஏதாவது மாறுமா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் மேலதிகாரிக்கு எழுதிவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நீங்கள் சாட்சி.

விலகுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது விலகல் ஆகாது. உறவு என்ன, எப்போதிலிருந்து, எந்தத் தேதியில் தெரிவிக்கிறேன் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதோடு முக்கியமான இன்னொரு பட்டியலும் வேண்டும். இதுவரை இந்த வழக்கில் நான் எதையெதைத் தொட்டேன்? யாரிடம் பேசினேன், எந்தக் கோப்பைப் பார்த்தேன், யார் வாக்குமூலத்தை எழுதினேன்? புதிதாக வருபவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, நான் தொட்ட ஒவ்வொன்றையும் மறுபடி செய்ய வேண்டும். நான் எழுதிய வாக்குமூலத்தைத் திருத்தக் கூடாது, அப்படியே வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அணியிலிருந்து ஆளை மட்டும் எடுத்துவிட்டு அவர் கைபட்ட தாள்களை அப்படியே விட்டுவைத்தால், ஆள் வெளியே போனாலும் அவர் கை உள்ளேயே இருக்கும்.

அணித் தலைவரே நண்பராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தலைவர் விலகிவிட்டு, தனக்குக் கீழே இருப்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அதில் பொருள் இல்லை. அந்த இளையவரின் பதவி உயர்வுக்கான ரகசியக் குறிப்பை எழுதப் போகிறவர் அதே தலைவர். அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், மாலையில் மேசைப்பக்கம் வந்து "எப்படிப் போகிறது?" என்று கேட்டாலே போதும். ஆகவே தலைவர் விலகினால் வழக்கு அந்த அணியை விட்டே போக வேண்டும். வேறு பிரிவு, வேறு மேலதிகாரி. அடுத்தவர் யார் என்று சொல்லும் உரிமையும் விலகுகிறவருக்கு இருக்கக் கூடாது.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டிப்பான அதிகாரி வந்துவிட்டால், அவருக்கும் புகார் கொடுத்தவருக்கும் பழக்கம் என்று ஒரு கதையைக் கட்டி மாற்றக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நமக்குப் பிடித்த அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதற்கு மருந்து, குற்றச்சாட்டு வந்தவுடன் அந்த அதிகாரியே அதைத் தள்ளுபடி செய்வது அல்ல. நம் அரசு ஊழியர் துறை விசாரணையில் இதற்கு நல்ல வழக்கம் உண்டு. பாரபட்ச மனு வந்தால் விசாரணையை நிறுத்திவைத்து, மேலே உள்ளவரிடம் அனுப்ப வேண்டும், முடிவு வந்த பிறகுதான் தொடர வேண்டும். சில வாரங்கள் தாமதமாகும். லண்டனில் ஆன தாமதத்தோடு அந்த வாரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் அறைத் தோழர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இரண்டு இன்கிரிமென்ட் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையே "டா" திரும்பி வரவே இல்லை. வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதும் "சார், நீங்க அவசியம் வரணும்" என்றுதான் கூப்பிட்டார். நட்பைக் காப்பாற்றிக்கொண்டே விசாரித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டும் என் கையிலிருந்து போயின. உங்கள் மேசைக்கும் ஒருநாள் இப்படி ஒரு கோப்பு வரும். மேலே உள்ள பெயரைப் படித்தவுடன், உள்ளே திறந்து பார்ப்பதற்கு முன்பு, மூடி வைத்துவிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பிறகு சாட்சிக்கான நாற்காலியில் போய் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.